வடக்குச் சுவரில் விழும் வெயில்: வெளிப்புற ரெண்டரில் உச்சிப்பொழுதைக் காட்டுவது

தண்டையார்பேட்டையில் ஒரு முனை வீட்டைப் புதுப்பிப்பதற்காக நான் செய்து கொடுத்த படத்தை அந்த வீட்டுப் பெரியம்மா நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "தம்பி, சித்திரை வைகாசியில நம்ம வீட்டு வடக்குச் சுவத்துல கை வெக்க முடியாது. நீ அதை நிழலாப் போட்டிருக்கியே" என்றார். படத்தில் வெயில் இல்லாமல் இல்லை. விளக்கின் அளவை வேண்டிய மட்டும் ஏற்றியிருந்தேன். ஆனால் அந்த வெயில் தெற்கிலிருந்து சாய்வாக வந்தது. அவர் ஐம்பது ஆண்டுகளாகப் பார்த்த வெயில் அப்படி வருவதில்லை.

கட்டடம் எழும்புவதற்கு முன்பே அதன் தோற்றத்தைக் கணினியில் ஒளியோடும் நிழலோடும் கணக்கிட்டு உருவாக்கும் படத்தை ரெண்டர் என்கிறோம். எலிவேஷன் படம் என்று கேட்பவர்களுக்கும் இன்று பெரும்பாலும் இதையே கொடுக்கிறார்கள். அதில் "கடும் வெயில் வேண்டும்" என்று கேட்டால் புதிதாகக் கற்பவர் செய்வது ஒன்றுதான்: சூரியனின் வலிமையைக் கூட்டுவார். நிழல் கறுக்கும், சுவர் வெளுக்கும், ஆனால் படம் நம் ஊராகத் தெரியாது. காரணம், கடும் வெயில் என்று ஒரே சொல்லால் நாம் குறிப்பது உண்மையில் நான்கு தனித்தனிச் செயல்கள். சூரியன் நிற்கும் இடம், நிழலின் விளிம்பு, நிழலின் கருமை, சுவரின் வெளுப்பு ஆகிய நான்குக்கும் காரணங்கள் வேறு வேறு. இவற்றோடு கானல் என்பதும் சேர்ந்து குழப்பப்படுகிறது. ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்போம்.

சூரியன் எங்கே நிற்கிறது

மொட்டைமாடியில் ஒரு கம்பை நேராக நட்டு வையுங்கள். டிசம்பரில் அதன் நண்பகல் நிழல் வடக்கே நீண்டு விழும். சூரியன் தெற்கே இருக்கிறது. தை, மாசி என்று போகப் போக நிழல் குறுகிக்கொண்டே வந்து, ஏப்ரல் 24, 25 வாக்கில் காணாமலே போகும். வட சென்னை ஏறத்தாழ 13.1 பாகை வட அட்சரேகையில் இருப்பதால், அந்த நாட்களில் சூரியன் நேர் உச்சியில் நிற்கிறது. அதன் பிறகு நிழல் தெற்குப் பக்கம் திரும்பிவிடும். ஆகஸ்ட் 18 வாக்கில் மறுபடியும் மறைந்து, பிறகு பழையபடி வடக்கே விழத் தொடங்கும். இடைப்பட்ட ஏறக்குறைய நான்கு மாதங்களில் நம் நண்பகல் சூரியன் வட வானத்தில் இருக்கிறது. கத்திரி வெயில் முழுவதும் இந்தக் காலத்துக்குள்தான் அடங்குகிறது.

இணையத்தில் கிடைக்கும் பயிற்சிகளில் பெரும்பாலானவை வடக்கே வெகுதொலைவில் உள்ள நாடுகளில் செய்யப்பட்டவை. அங்கே நண்பகல் சூரியன் எப்போதும் தெற்கில்தான் இருக்கும். அந்த வழக்கத்தைக் கற்றவர் கை தானாகவே சூரியனைத் தெற்கில், 45 பாகை உயரத்தில் வைத்துவிடுகிறது. பெரியம்மா கண்டுபிடித்தது இந்தப் பிழையைத்தான்.

இதற்கு மாற்று எளிது. பிளெண்டர் போன்ற மென்பொருளில் இடம், நாள், நேரம் கொடுத்துச் சூரியனை நிறுத்தும் வசதி உண்டு. அட்சரேகை 13.11, தீர்க்கரேகை 80.29, நேர வேறுபாடு 5.5 என்று கொடுத்தால் ராயபுரத்து வானம் கிடைத்துவிடும். அதற்கு முன் மாதிரியின் வடக்குத் திசை எது என்பதை மனைப்படத்தைப் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும். பாதிப் பிழைகள் அங்கேயே நேர்கின்றன. நம் கடிகாரம் காட்டும் 12 மணி சரியான உச்சிப்பொழுதும் அல்ல. நாடு முழுமைக்குமான நேரம் நமக்குக் கிழக்கே உள்ள ஒரு தீர்க்கரேகையைக் கொண்டு கணக்கிடப்படுவதால், மே நடுவில் சூரியன் இங்கே மிக உயரத்தை எட்டும்போது மணி 12:05 ஆகியிருக்கும்.

உச்சி வெயில் சுவரை வெளுப்பதில்லை

இதைப் படிக்கும்போது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். நண்பகலில்தான் வெயில் மிகக் கடுமை, ஆகவே நண்பகலில்தான் சுவர் மிகவும் வெளுத்துத் தெரியும் என்று நினைக்கிறோம். மழையை நினைத்துப் பாருங்கள். காற்றில்லாமல் செங்குத்தாகப் பெய்யும் மழையில் தெருவும் மொட்டைமாடியும் முழுக்க நனையும். சுவரோ அவ்வளவாக நனையாது. மழை சாய்ந்து அடித்தால்தான் சுவர் ஊறும். ஒளியும் அப்படியே. ஒரு பரப்பின்மேல் எவ்வளவு நேராக விழுகிறதோ அவ்வளவு அதிகமாக அதை ஒளியூட்டும். உரசிக்கொண்டு போனால் குறைவாகவே ஒளியூட்டும்.

தண்டையார்பேட்டை வீட்டையே எடுத்துக்கொள்வோம். வடக்கிலும் மேற்கிலும் தெரு, தெருவில் சிமென்ட் சாலை, இரண்டு மாடி, சன்னல்களுக்கு மேல் இரண்டடி நீட்டிய சன்ஷேடு. நாள் மே 15. உச்சிப்பொழுதில் சூரியன் 84 பாகை உயரத்தில், சற்றே வடக்கில் நிற்கிறது. நேர் வெயிலின் வலிமையில் பத்தில் ஒரு பங்குதான் வடக்குச் சுவரில் விழுகிறது. அதையும் சன்ஷேடு மறிக்கிறது: இந்தக் கோணத்தில் அதன் நிழல் நீட்சியைப் போலப் பத்து மடங்கு கீழே இறங்குவதால், இரண்டடி சன்ஷேடு இருபதடி சுவரை மூடிவிடும். அதே நேரத்தில் தெருவும் மாடித் தளமும் வெயிலை முழுவதுமாக வாங்கிக்கொள்கின்றன.

இப்போது அதே நாள் பிற்பகல் 2:30. சூரியன் 55 பாகைக்கு இறங்கி மேற்கே வந்துவிட்டது. மேற்குச் சுவரில் நேர் வெயிலின் பாதிக்கும் மேல் விழுகிறது. சன்ஷேடு நிழல் மூன்றடியோடு நின்றுவிடுகிறது. கண்ணைக் கூசவைக்கும் வெள்ளைச் சுவர், அதன்மேல் கத்தியால் வெட்டியது போன்ற நிழல் என்று எல்லாரும் கேட்கும் காட்சி இந்த நேரத்துக்கு உரியது. காலை 9:30, 10 மணிக்குக் கிழக்குச் சுவரிலும் இதைப் பார்க்கலாம்.

ஆக, சுவரைக் காட்ட வேண்டுமென்றால் இரண்டரை மணி. தெருவும் மாடியும் தகிப்பதைக் காட்ட வேண்டுமென்றால் உச்சிப்பொழுது. இரண்டையும் ஒரே நேரத்தில் காட்ட முயன்றால் சூரியனைப் பொய்யான இடத்தில் வைக்க நேரும்.

பெரியம்மா சொன்னதற்கும் இதில் விடை இருக்கிறது. மே நடுவில் சூரியன் உதயம் முதல் மறைவு வரை நமக்கு வடக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. எனவே அவர் வீட்டு வடக்குச் சுவரில் சன்ஷேடு மறைக்காத இடங்களில் நாள் முழுவதும் சாய்வெயில் படுகிறது. இந்த உரசல் ஒளியின் அடையாளம், பூச்சில் கொத்தனார் விட்டுச் சென்ற கரண்டித் தடங்களும் உரிந்த வண்ணத்தின் ஓரங்களும் மேடுபள்ளமாகத் தெரிவது. கடற்காற்றில் உப்பேறிப் பூச்சு பொரிந்த நம் பகுதிச் சுவர்களில் இது மிகத் தெளிவாகத் தெரியும். வழவழப்பான சுவர்மேல் இந்த ஒளியை விழவைத்தால் ஒன்றும் தெரியாது. பூச்சுக்கு நுண்ணிய மேடுபள்ளம் கொடுத்த பிறகுதான் இந்த வெயில் கண்ணுக்குப் புலப்படும்.

விளிம்பு ஏன் கூர்மையாக இருக்கிறது

மெழுகுவர்த்திக்கு முன் கையை வைத்தால் நிழலின் விளிம்பு கூர்மையாக இருக்கும். குழல்விளக்குக்கு முன் வைத்தால் மங்கிக் கலங்கும். ஒளி தரும் பொருள் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறதோ அவ்வளவு விளிம்பு கலங்கும். வலிமைக்கும் விளிம்புக்கும் தொடர்பில்லை.

சூரியன் நமக்கு அரைப் பாகை அகலத்தில் தெரிகிறது. சிறியதுதான், ஆனால் புள்ளி அல்ல. அதனால் ஒவ்வொரு நிழலுக்கும் இரண்டு பகுதிகள் உண்டு: சூரியன் முழுவதும் மறைந்த கருநிழல், அதன் ஓரத்தில் சூரியனின் ஒரு பகுதி மட்டும் மறைந்த புறநிழல். புறநிழலின் அகலம், மறைக்கும் பொருளுக்கும் நிழல் விழும் பரப்புக்கும் உள்ள தொலைவில் ஏறத்தாழ 107-இல் ஒரு பங்கு. சன்ஷேடு விளிம்பிலிருந்து மூன்றடி கீழே விழும் நிழலின் ஓரம் ஒன்றிரண்டு சென்டிமீட்டர்தான் கலங்கும். பத்து மீட்டர் உயரத்திலுள்ள மாடிக் கைப்பிடிச் சுவரின் நிழல் தெருவில் விழும்போது ஓரம் ஒன்பது சென்டிமீட்டர் அகலத்துக்குக் கலங்கும்.

நம் தெருக்களில் இதைச் சோதிக்கச் சிறந்த பொருள் கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் கேபிள் கம்பி. ஒரு சென்டிமீட்டர் தடித்த கம்பி சுவரை ஒட்டிப் போகும் இடத்தில் அதன் நிழல் மையால் கோடு போட்டது போல இருக்கும். அதே கம்பி ஆறு மீட்டர் உயரத்தில் தெருவைக் கடக்கும்போது கருநிழல் தரையை எட்டுவதே இல்லை. ஒரு மீட்டருக்குச் சற்று அப்பாலேயே முடிந்துவிடும். தரையில் விழுவது அகலமான, இருக்கிறதா இல்லையா என்று ஐயுறவைக்கும் ஒரு மங்கல் பட்டை மட்டுமே. ரெண்டரில் தெருவெங்கும் கம்பி நிழல்கள் கோலப்புள்ளி இணைத்தது போலக் கூர்மையாக ஓடினால், சூரியனுக்கு அகலம் கொடுக்கவில்லை என்று அப்போதே தெரிந்துகொள்ளலாம். பிளெண்டரின் சூரிய விளக்கில் `Angle` என்ற இடத்தில் 0.526 பாகை இருப்பாக வரும். கடுமை வேண்டுமென்று அதைச் சுழியமாக்குவதும், மென்மை வேண்டுமென்று ஐந்தாக்குவதும் ஒரே அளவு தவறு.

சுருக்கமாகச் சொன்னால், விளிம்பைத் தீர்மானிப்பது சூரியனின் தோற்ற அகலமும் தொலைவும்தான். அருகில் கூர்மை, தொலைவில் கலக்கம். இந்த இரண்டும் ஒரே படத்தில் இருந்தால்தான் கண் நம்பும்.

நிழலுக்குள் இருக்கும் ஒளி

அடுத்து, என்னைப் பொறுத்தவரை மிக முக்கியமான பகுதி. கூர்மையான நிழல் கறுப்பாகத்தான் இருக்க வேண்டும் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். மே மாத நண்பகலில் ஒரு திண்ணையில் உட்கார்ந்து பாருங்கள். நிழலில்தான் இருக்கிறீர்கள், ஆனாலும் செய்தித்தாளை எளிதாகப் படிக்கலாம், சில வேளை கண்கூட இடுங்கும். அந்த ஒளி இரண்டு வழிகளில் வருகிறது. ஒன்று வானம். மற்றொன்று தெரு.

வெயில் படும் சிமென்ட் சாலை தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ பத்தில் மூன்று பங்கைத் திருப்பி அனுப்புகிறது. இந்தப் பங்குக்கு எதிரொளித்திறன் என்று பெயர். ஒரு பரப்பின்மேல் விழும் ஒளியை அளக்கும் அலகு லக்ஸ். உச்சிப்பொழுதில் தெருவில் ஒரு லட்சம் லக்ஸ் விழுகிறது என்று வைத்துக்கொண்டால், முப்பதாயிரத்துக்கு உரிய ஒளி அங்கிருந்து மேலே கிளம்புகிறது. செங்குத்துச் சுவருக்குத் தன் எதிரில் பாதி தரை, பாதி வானம் என்பதால், அதில் பாதி, அதாவது பதினைந்தாயிரம் சுவரை வந்தடைகிறது. வானத்திலிருந்து ஓர் ஏழாயிரம். நேர் வெயிலிலிருந்து வடக்குச் சுவருக்குக் கிடைப்பது, சன்ஷேடு மறைக்காத இடத்தில், ஒன்பதாயிரம். இவை தோராயக் கணக்குகள். எதிர்வீடுகள் நெருங்கிய சந்தில் தரையின் பங்கு குறையும், எதிர்ச்சுவரின் பங்கு கூடும். ஆனால் வரிசை மாறாது: உச்சி வெயிலில் நம் வீட்டுச் சுவர்களைப் பெரிதும் ஒளியூட்டுவது கீழிருந்து வரும் தெருவின் ஒளி.

இதன் விளைவைக் கண்ணால் காண, சன்ஷேடின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். அது ஒருபோதும் வெயிலைக் காணாத பரப்பு. ஆனாலும் நண்பகலில் சுவரைவிட அதுவே வெளிச்சமாக இருக்கும். கீழே தார்ச்சாலை இருந்தால் இந்த வெளிச்சம் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடும், ஏனென்றால் தார் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கைத்தான் திருப்பி அனுப்புகிறது.

ரெண்டரில் நிழல் கறுத்துப் போவதற்கு மிகப் பொதுவான காரணம் இங்கேதான் இருக்கிறது. வீட்டை மட்டும் மாதிரியாகச் செய்து, கீழே கருஞ்சாம்பல் தரை ஒன்றைப் போட்டு, எதிரே வெறுமையாக விட்டுவிடுகிறோம். பிறகு சன்ஷேடு அடியில் இருட்டு, சன்னலில் இருட்டு என்று ஆங்காங்கே துணை விளக்குகளை ஒளித்து வைக்கிறோம். துணை விளக்குகளை எல்லாம் நீக்கிவிட்டு, கேமராவுக்குத் தெரியாத எதிர்வீட்டுச் சுவரையும் சரியான நிறத்தோடு தெருவையும் வைத்தாலே போதும். தண்டையார்பேட்டைப் படத்தில் நான் செய்த திருத்தங்களில் அதிகம் பலன் தந்தது இதுதான். எதிர்வீடு பச்சை வண்ணம் என்பதால் நிழலில் மெல்லிய பச்சைச் சாயல்கூடத் தானாக ஏறிவந்தது.

நிழலின் நிறத்தைப் பற்றியும் ஒரு சொல். நிழல் நீலமாக இருக்க வேண்டும் என்ற விதி, வானம் அடர்நீலமாக இருக்கும் வறண்ட ஊர்களுக்குப் பொருந்தும். காசிமேட்டுக்கு மேலே மே மாத வானம் ஈரப்பதத்தால் பால் கலந்தது போல் வெளுத்திருக்கும். அதன் கீழ் நிழல் நிறமற்ற சாம்பலாகவும், தரைக்கு அருகில் சற்று வெதுவெதுப்பான நிறமாகவும் இருக்கும். நண்பகல் வெயிலுக்கு மஞ்சள் ஏற்றுவதும் தவிர்க்க வேண்டியது. அது மாலையின் நிறம்.

வெளுத்த சுவரும் எரிந்த சுவரும்

வெளுப்பு என்பது சுவரின் குணமும் கேமராவின் குணமும் சேர்ந்தது. சுவரின் பக்கம் முதலில்: புதிதாக அடித்த சுண்ணாம்புகூட விழும் ஒளி முழுவதையும் திருப்பி அனுப்பாது, 0.8 என்பது நல்ல உச்ச வரம்பு. சுவரின் `Base Color` 1.0 என்று வைத்தால், ஒளி சுவர்களுக்கிடையே இழப்பின்றித் தாவிக்கொண்டே இருந்து, மூலைகளின் கருமையும் பூச்சின் தடமும் கரைந்துவிடும். பழைய வீட்டுக்கு 0.65, 0.7 போதும்.

கேமராவின் பக்கம் எக்ஸ்போஷர், அதாவது எவ்வளவு ஒளியைப் படத்துக்குள் அனுமதிக்கிறோம் என்பது. நம் கணக்குப்படி 2:30 மணிக்கு மேற்குச் சுவர் சாலையைப் போல இரு மடங்கு ஒளிரும். உச்சிப்பொழுதிலோ நிழலிலுள்ள வடக்குச் சுவர் சாலையின் பாதியளவு ஒளிரும். சாலை நடுத்தரச் சாம்பலைவிடச் சற்று வெளிச்சமாகத் தெரியும்படி எக்ஸ்போஷரை வைத்தால், மேற்குச் சுவர் வெள்ளையின் எல்லைக்கு அருகில் தானாகச் சென்று நிற்கும். அதுவே வெளுப்பு. எல்லையைக் கடந்துவிட்டால் எரிப்பு: சுவரில் எந்த விவரமும் மிஞ்சாது, வெறும் காகிதம்.

இரண்டையும் வேறுபடுத்த கண்ணை நம்ப வேண்டாம். பிளெண்டரின் வண்ண அமைப்பில் `False Color` என்ற காட்சியைத் தேர்ந்தால் ஒளியின் அளவு நிறங்களாகத் தெரியும். சுவர் முழுவதும் மிக உயர்ந்த நிறத்தில் ஒரே தட்டையாக இருந்தால் எரிந்துவிட்டது என்று பொருள். வண்ணச் சுவர்களில் இன்னொரு சோதனை உண்டு. வெயிலில் நீலச் சுவர் வெளிர்நீலமாகி வெண்மையை நோக்கிப் போக வேண்டும். அப்படிப் போகாமல் விளம்பரப் பலகை போல நிறம் அடர்ந்து கூவினால், பெரும்பாலும் `Standard` என்ற அமைப்பில் இருக்கிறீர்கள். `AgX` அந்தக் கடும் ஒளியை மெல்ல வெண்மைக்கு இட்டுச் செல்லும்.

கானல் எங்கே தெரியும், எங்கே தெரியாது

தொலைவிலுள்ளவை வெளுத்து மங்குவது ஒன்று. தொலைவிலுள்ளவை நெளிவது வேறொன்று. முதலாவது காற்றிலுள்ள ஈரமும் தூசும் ஒளியைச் சிதறடிப்பதால் வருவது. அதை மூட்டம் என்போம். இரண்டாவதுதான் கானல். இதற்குக் காரணம் ஒளிவிலகல், அதாவது அடர்த்தி மாறும் இடத்தில் ஒளி வளைவது. டம்ளர் நீரில் போட்ட கரண்டி உடைந்து தெரிவதும் இதனால்தான். சூடான சாலையை ஒட்டிய காற்று மேலேயுள்ள காற்றைவிட அடர்த்தி குறைந்திருப்பதால், தாழ்ந்து வரும் வானத்து ஒளி மேல்நோக்கி வளைந்து நம் கண்ணை அடைகிறது. சாலையில் நீர் தேங்கியதாகத் தெரியும் கானல்நீர் உண்மையில் வானத்தின் துண்டு.

ஆனால் இந்த வளைவு மிகமிகச் சிறியது. சாலையை ஒட்டிய காற்று இருபது பாகை கூடுதல் சூடாக இருந்தாலும், தரையோடு மூன்றில் ஒரு பாகைக்கு உட்பட்ட கோணத்தில் பார்த்தால்தான் கானல்நீர் தெரியும். நின்ற கண் மட்டத்திலிருந்து அந்தக் கோணம் கிடைக்க இருநூறு மீட்டருக்கு மேல் தொலைவு வேண்டும். எண்ணூர் விரைவுச் சாலையில் லாரிகளின் சக்கரங்கள் நீரில் மிதப்பது போலத் தெரிவது அதனால்தான். தண்டையார்பேட்டையின் அறுபது மீட்டர் தெருவில் அது தெரியவே தெரியாது. கேமராவை முழங்காலுக்குக் கீழே, ஓரடி உயரத்துக்கு இறக்கினால் ஐம்பது மீட்டரில் தொடங்கலாம்.

ஆகவே எதிர்ப்பக்கத்திலிருந்து எடுக்கும் வீட்டுப் படத்தில் சுவர்களை நெளியவிடுவது தவறு. தெருவில் புகை போன்ற படலத்தை நிரப்பி அதைக் கானல் என்பதும் தவறு. அது மூட்டம், நம் ஊருக்குத் தெருக்கோடியில் லேசாக வேண்டியதுதான், ஆனால் கானல் அல்ல. நீண்ட சாலையையோ தகரக் கூரைகளுக்கு மேலாகத் தொலைவிலுள்ள துறைமுகக் கிரேன்களையோ காட்டும் அசையும் படமாக இருந்தால் மட்டும் கானலைச் சேர்க்கலாம். அதை மாதிரிக்குள் செய்யாமல், ரெண்டர் முடிந்த பிறகு படத்தைத் தொகுக்கும் இடத்தில் செய்வது எளிது. `Displace` என்ற கணுவுக்கு, கிடைவாக நீட்டிய, மேல்நோக்கி நகரும் ஒரு மேகமூட்ட வடிவத்தைக் கொடுத்து, தொலைவைக் காட்டும் தனிப் படத்தால் முன்பகுதியை மறைத்துவிட வேண்டும். ஒன்றிரண்டு பிக்சல் அசைவு போதும். ஐந்து பிக்சலைத் தாண்டினால் நீருக்கடியில் எடுத்தது போலாகிவிடும். அசையாப் படத்தில் நெளிவு அலையாகத் தெரியாது, தொலைவிலுள்ள நேர்கோடுகளின் சிறு பிசிறாகவே பதியும்.

தண்டையார்பேட்டை வீட்டுப் படத்தில் கடைசியில் கானலைச் சேர்க்கவே இல்லை. மே 15, பிற்பகல் 2:30 என்று நேரத்தை மாற்றி, கேமராவை முனையில் நிறுத்தினேன். வலப்பக்கம் மேற்குச் சுவர் வெளுத்து நின்றது. இடப்பக்கம் வடக்குச் சுவரில் சாய்வெயில் கரண்டித் தடங்களை உரசிக்கொண்டு போக, சன்ஷேடின் நிழல் பன்னிரண்டடி வரை நீண்டு இறங்கியது. பெரியம்மா அந்த நிழல் முடியும் இடத்தில் விரலை வைத்து, "இதுக்குக் கீழதான் சுவர் கொதிக்கும்" என்றார்.